ராஜா சம்மதித்தும் திறக்காத கதவு: கமுதி வழக்கும் மதுரை ஆலயப் பிரவேசமும்

கேள்வி: எங்கள் தாத்தா கமுதிப் பக்கத்திலிருந்து ரங்கூனுக்கு வந்தவர். "கோயிலுக்குள் போனதுக்கு லண்டன் வரைக்கும் கேஸ் நடந்துச்சு, தோத்துட்டோம்" என்று அடிக்கடி சொல்வார். ராமநாதபுரம் ராஜாவே நடுவில் சம்மதித்துவிட்டாராம், அப்படியும் கோர்ட் விடவில்லையாம். அது எப்படி? 1939இல் மதுரையில் மட்டும் எப்படி நடந்தது? அந்தச் சட்டமெல்லாம் நம் பர்மாவுக்கும் வந்ததா?

பதில்:

தாத்தா சொன்னது சரி. லண்டன் வரை போனதும் உண்மை, தோற்றதும் உண்மை, ராஜா சம்மதித்தும் பலிக்காமல் போனதும் உண்மை. ராஜா அந்தக் கோயிலின் தர்மகர்த்தா, சொந்தக்காரர் கிடையாது. கோயிலில் யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்ற பழைய வழக்கத்தைக் காப்பாற்றுவதே தர்மகர்த்தாவின் கடமை, அதை மாற்றச் சம்மதிப்பது கடமை தவறுவதாகும் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 1939இல் சென்னை மாகாணத்தில் சட்டம் போட வேண்டி வந்தது. அதற்குள் பர்மா தனியாகப் பிரிந்துவிட்டதால் அந்தச் சட்டம் கடல் தாண்டவில்லை. இனி விவரமாகச் சொல்கிறேன்.

கமுதி அப்போது ராமநாதபுரம் ஜமீனில் இருந்தது. குண்டாற்றங்கரை ஊர். அங்கே குடியேறிய நாடார்கள் கடை, வண்டி, பருத்தி, கொடுக்கல் வாங்கல் என்று நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். கையில் காசு வந்தது, பள்ளிக்கூடம் கட்டினார்கள், தெருவில் ஊர்வலம் போனார்கள். ஆனால் ஊரின் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் மட்டும் போக முடியாது. இது கமுதியில் மட்டும் இருந்த பிரச்சினை இல்லை. சிவகாசி, அருப்புக்கோட்டை, விருதுபட்டி (இப்போதைய விருதுநகர்) வட்டாரம் முழுக்க அந்த இருபது முப்பது ஆண்டுகளில் இதே இழுபறிதான். பணத்தால் மேலே வந்த ஒரு சமூகத்தைப் பழைய வரிசையிலேயே நிறுத்தி வைப்பதற்குக் கோயில் வாசல்தான் கடைசிக் கோடாக இருந்தது என்பது என் கணிப்பு.

1897 மே 14ஆம் தேதி கமுதி நாடார்களில் ஒரு குழுவினர் கோயிலுக்குள் போய் வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை தர்மகர்த்தா ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் சிகாகோ போக உதவிய அதே சேதுபதிதான். அவர் மதுரை சப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். கேட்டது இரண்டு. நாடார்களுக்கு அந்தக் கோயிலுக்குள் நுழைய உரிமை இல்லை என்று அறிவித்து இனி நுழையாதபடி தடை போட வேண்டும். தீட்டுப்பட்ட கோயிலைச் சுத்தி செய்ய ஆகும் செலவை அவர்களே கொடுக்க வேண்டும்.

இரண்டாவது கோரிக்கையைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். சாமி கும்பிட்டதால் கோயிலுக்குப் பண நஷ்டம் வந்துவிட்டது என்று, பயிரை மேய்ந்த மாட்டுக்காரனிடம் கேட்பது போல நஷ்டஈடு கேட்கிறார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த சிவில் சட்டத்துக்குள் தீட்டு என்ற விஷயம் இந்த வழியாகத்தான் நுழைந்தது. சுத்தி செய்ய எவ்வளவு ஆகும், யார் செய்வார்கள், என்னென்ன பொருள் வேண்டும் என்பதெல்லாம் சாட்சியமாகிவிடும். அதற்கு ஒரு தொகை போட்டுத் தீர்ப்பு சொல்லிவிட்டால், தீட்டு என்பது அரசாங்க முத்திரை பெற்ற உண்மையாகிவிடுகிறது.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது வெளியே ஊர் பற்றி எரிந்தது. 1899 ஜூனில் சிவகாசிக் கலவரம். பெரும் கூட்டம் திரண்டு வந்து நாடார் தெருக்களைக் கொளுத்தியது. அதன் பிறகு சுற்று வட்டாரத்திலும் கலவரம் பரவியது. அடுத்த மாதம், ஜூலை 20ஆம் தேதி, மதுரைத் தீர்ப்பு ராஜா பக்கம் வந்தது. நாடார்களுக்கு உரிமை இல்லை, சுத்தி செய்ய 500 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 500 ரூபாய் அந்தக் காலத்தில் ஒரு குடியானவன் தன் வாழ்நாளில் மொத்தமாகக் கண்ணில் பார்க்காத பணம். ஆனால் கமுதி நாடார்களுக்குப் பணம் பெரிதில்லை. மானம்தான் பெரிது. அதனால் மேல்முறையீடு செய்தார்கள். 1901இல் சென்னை ஹைகோர்ட்டும் அதையே உறுதி செய்தது. விடாமல் லண்டனுக்குப் போனார்கள். அங்கே இருந்த பிரிவி கவுன்சில்தான் அன்றைக்கு இந்தியாவுக்கு உச்ச நீதிமன்றம். பர்மாவும் இந்தியாவோடு சேர்ந்திருந்ததால் ரங்கூன் வழக்குகளுக்கும் அதுவே கடைசிப் படி. 1908இல் அங்கேயும் தோற்றார்கள். சட்டப் புத்தகங்களில் 'சங்கரலிங்க நாடான் எதிர் ராஜ ராஜேஸ்வர துரை' என்று இருக்கிறதே, அது இந்த வழக்குதான். பாஸ்கர சேதுபதி 1903இலேயே காலமாகிவிட்டார். அதனால்தான் வழக்கின் பெயரில் அவர் மகன் ராஜேஸ்வர துரை நிற்கிறார்.

நாடார்கள் ஏன் தோற்றார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, அவர்கள் எந்த வாதத்தை வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். "கடவுளுக்கு முன் எல்லாரும் சமம்" என்று அவர்கள் வாதாடவில்லை. அப்படி வாதாட அன்றைய சட்டத்தில் இடமும் இல்லை. "நாங்கள் க்ஷத்திரியர், பாண்டிய வம்சத்தார், எங்களுக்கு இயல்பாகவே உரிமை உண்டு" என்பதுதான் அவர்கள் வாதம். அதாவது கோட்டை அழிக்கச் சொல்லவில்லை, தங்களைக் கோட்டுக்கு மேலே வைக்கச் சொன்னார்கள். நீதிமன்றமும் அதே தளத்தில் நின்று பதில் சொன்னது. பொதுமக்கள் மதிப்பில் இவர்கள் பள்ளர், பறையர், சக்கிலியர் ஆகியோருக்குச் சற்று மேலே, வெள்ளாளர், மறவர் ஆகியோருக்குக் கீழே இருக்கிறார்கள். முன்னவர்களுக்குக் கோயில் நுழைவு கிடையாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, பின்னவர்களுக்கு உண்டு. இடையில் நிற்கும் இவர்கள் இந்தக் கோயிலுக்குள் உரிமையோடு போய்வந்த வழக்கம் நிரூபணமாகவில்லை. இதுதான் நீதிமன்றத்தின் கணக்கு.

இதைப் படிக்கும்போது எனக்கு இரண்டு பக்கத்தின் மேலும் கோபம் வரும். லண்டனில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கோ இருக்கும் கமுதித் தெருவின் ஏறுவரிசையைச் சட்டமாக எழுதிவைத்தார்கள். நாடார்களோ தங்களுக்கும் கீழே தள்ளப்பட்டவர்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான் வாதாடினார்கள். அந்தக் காலத்து வக்கீல் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான். வழக்கத்தை வைத்து நடக்கும் கோர்ட்டில் வழக்கத்தைக் காட்டித்தானே வாதாட முடியும்?

சரி, ராஜா சம்மதித்த கதைக்கு வருவோம். வழக்கு நடக்கும்போதே ராஜா தரப்பு நாடார்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. ராஜா கடனில் மூழ்கியிருந்த காலம் அது. ஏன் இறங்கி வந்தார் என்பதற்கு ஊரில் பல கதைகள் உண்டு. காரணம் எதுவாக இருந்தாலும், வழக்குப் போட்டவரே எதிராளியின் உரிமையை ஒப்புக்கொண்டுவிட்டார். சாதாரண நிலத் தகராறாக இருந்தால் அன்றோடு வழக்கு முடிந்திருக்கும். ஆனால் நீதிமன்றம் அந்த உடன்பாட்டை ஏற்கவில்லை.

காரணம் இப்படி. கோயில் சொத்து சாமியுடையது. தர்மகர்த்தா அதைக் கைகாவலாக வைத்திருப்பவர். அந்தக் கோயில் எந்த வழிபாட்டுக்காக, எந்த மக்களுக்காக ஏற்படுத்தப்பட்டதோ அந்த ஏற்பாட்டை அவர் மாற்ற முடியாது. ஆகமப்படியும் கோயில் வழக்கப்படியும் உள்ளே வரக்கூடாதவர்கள் என்று கருதப்பட்டவர்களை உள்ளே விட அவர் ஒத்துக்கொண்டால், அது நம்பிக்கைப் பொறுப்பை மீறுவது. அவர் பெரிய ராஜாவாக இருக்கலாம், நல்ல எண்ணத்தில் செய்திருக்கலாம், அதெல்லாம் கணக்கில் வராது. சென்னை ஹைகோர்ட்டும் பிரிவி கவுன்சிலும் சொன்னதன் சாரம் இதுதான்.

இதன் விளைவை ஒரு தர்மகர்த்தாவின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். 1908க்குப் பிறகு ஏதோ ஓர் ஊரில் ஒரு நல்ல மனிதர் தர்மகர்த்தாவாக இருக்கிறார். ஊரில் பத்தில் ஒன்பது பேர் "விட்டுவிடலாம்" என்கிறார்கள். அவர் கதவைத் திறக்கிறார். மிச்சமிருக்கும் ஒரே ஒரு ஆள் கோர்ட்டுக்குப் போனால் போதும். தர்மகர்த்தா கடமை தவறினார் என்று அவரைப் பதவியிலிருந்து நீக்கக் கேட்கலாம், தடையுத்தரவு வாங்கலாம், சுத்திச் செலவு கேட்கலாம். உள்ளே போனவர்கள் மேல் வழிபாட்டு இடத்தைத் தீட்டுப்படுத்தியதாக இந்தியத் தண்டனைச் சட்டம் 295ஆம் பிரிவில் கிரிமினல் புகார் கொடுக்கலாம். அந்தப் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. ஊர் முழுக்க மனம் மாறினாலும் கதவு திறக்காது என்ற நிலை இப்படித்தான் வந்தது. பத்தில் ஒருவர் கையில் பூட்டின் சாவியைச் சட்டம் கொடுத்துவிட்டது.

கோயில் நுழைவு வரலாற்றைப் பேசும் பலர் வைக்கம், குருவாயூர் என்று போராட்டங்களை அடுக்குவார்கள். அவையெல்லாம் முக்கியம்தான். ஆனால் திருவிதாங்கூரில் மகாராஜா இருந்தார். 1936 நவம்பர் 12ஆம் தேதி அவர் ஒரு பிரகடனம் வெளியிட்டார், அரசாங்கக் கோயில்கள் எல்லாம் திறந்தன. அவர் கையில் சட்டம் போடும் அதிகாரம் இருந்தது. சென்னை மாகாணத்தில் அப்படி உத்தரவு போட ஆள் இல்லை. ராமநாதபுரம் சேதுபதி பெயரளவில்தான் ராஜா, சட்டத்தின் கண்ணில் வெறும் ஜமீன்தார், வெறும் தர்மகர்த்தா. இரண்டு இடத்துக்கும் இருந்த வித்தியாசம் அதுதான்.

அதனால்தான் சென்னை மாகாணத்தில் சீர்திருத்தக்காரர்கள் சட்டசபையைத் தேடிப் போனார்கள். 1932இல் டாக்டர் சுப்பராயன் ஒரு மசோதா கொண்டுவரப் பார்த்தார். கோயிலுக்கு வரும் மக்களில் பெரும்பான்மையோர் விரும்பினால் திறக்கலாம், தர்மகர்த்தாவுக்குச் சிக்கல் வராது என்பது அதன் கரு. வைஸ்ராய் அனுமதி கொடுக்கவில்லை. 1938இல் எம்.சி. ராஜா ஒன்று கொண்டுவந்தார். ராஜாஜி அரசாங்கம் அதை ஆதரிக்கவில்லை, மலபாருக்கு மட்டும் தனியாக ஒரு சட்டம் செய்தது. எம்.சி. ராஜாவுக்கு இது பெரிய வருத்தம். தாழ்த்தப்பட்டோர் தரப்பிலிருந்து வந்த மசோதாவை ஓரம் கட்டிவிட்டு, தங்கள் கையாலேயே கொடுக்க நினைத்தார்கள் என்ற குறை இன்றும் அந்த வரலாற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால் குறை நியாயமானதுதான்.

இப்போது மதுரை. 1939 ஜூலை 8ஆம் தேதி காலை வக்கீல் வைத்தியநாத ஐயர் ஆறு பேரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். பிற்காலத்தில் அமைச்சரான கக்கன், முத்து, சின்னையா, முருகானந்தம், பூவலிங்கம் ஆகிய ஐந்து பேர் தாழ்த்தப்பட்ட சமூகத்தார். ஆறாவது ஆள் சண்முக நாடார். அந்த ஆறாவது பெயரை உங்கள் தாத்தா கேள்விப்பட்டாரோ என்னவோ. கமுதியில் நுழைந்து 42 வருடம் கழித்தும், இவ்வளவு பணம், படிப்பு, கட்சி எல்லாம் வந்த பிறகும், நாடார் ஒருவர் மதுரைக் கோயிலுக்குள் போவது பிரவேசம் என்று கணக்கில் எழுத வேண்டிய செய்தியாகவே இருந்தது. அதே சமயம் 1897இல் தனியாகப் போனவர்கள் 1939இல் பள்ளர், பறையரோடு ஒரே வரிசையில் போனார்கள். கமுதி வாதத்துக்கும் மதுரை வாதத்துக்கும் இருந்த தூரம் அந்த ஒரு வரிசையில் தெரிகிறது.

கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்று உள்ளே விட்டார். அவர் பரம்பரை தர்மகர்த்தா கிடையாது, அறநிலைய வாரியக் காலத்து நிர்வாகி. அதனால் கொஞ்சம் தைரியம் இருந்திருக்கும். ஆனாலும் 1908 தீர்ப்பு அப்படியே உயிரோடு இருந்தது. அன்றைய சட்டப்படி அவர் செய்தது கடமை தவறுதல்தான், உள்ளே போனவர்கள் மேலும் வழக்கு வரலாம். முதலில் நுழைந்துவிட்டார்கள், சட்டம் பின்னால் ஓடி வந்தது. அந்த ஜூலையிலேயே கவர்னர் பெயரில் ஓர் அவசரச் சட்டம் வந்தது, பிறகு செப்டம்பரில் சட்டசபைச் சட்டம் ஆனது. அடுத்த மாதமே ராஜாஜி அமைச்சரவை ராஜினாமா செய்துவிட்டது. ஒரு மாதம் தள்ளிப் போயிருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

அந்தச் சட்டத்தின் பெயரே விஷயத்தைச் சொல்கிறது: சென்னை ஆலயப் பிரவேச அனுமதி மற்றும் பாதுகாப்புச் சட்டம், 1939. அதில் இரண்டு வேலை இருந்தது. ஒன்று, ஏற்கெனவே திறந்துவிட்ட கோயில்கள் விஷயத்தில், திறந்தவர்கள் மேலும் உள்ளே போனவர்கள் மேலும் வழக்கோ நஷ்டஈடோ வராமல் காப்பது. மற்றொன்று, இனிமேல் திறக்க விரும்பும் தர்மகர்த்தாவுக்கு வழி செய்வது. அங்கே வழிபடுகிறவர்கள் பொதுவாக இதை எதிர்க்கவில்லை என்று அவருக்குத் தோன்ற வேண்டும், அரசாங்கத்தின் ஒப்புதல் வேண்டும். அப்புறம் திறக்கலாம், எந்த வழக்கமும் குறுக்கே நிற்காது.

கவனித்துப் பாருங்கள், இதில் யாருக்கும் உள்ளே போகும் உரிமை கொடுக்கப்படவில்லை. தர்மகர்த்தாவுக்குத் திறக்கும் சுதந்திரம்தான் கொடுக்கப்பட்டது. அவர் திறக்க மாட்டேன் என்றால் அன்றும் ஒன்றும் செய்ய முடியாது. நாற்பது வருடம் முன்பு சேதுபதிக்கு மறுக்கப்பட்ட அதே சுதந்திரம்தான் இது. இந்தச் சட்டம் மட்டும் 1898 வாக்கில் இருந்திருந்தால், ராஜாவின் உடன்பாடு செல்லுபடியாகி, உங்கள் தாத்தா வேறு கதை சொல்லியிருக்கக்கூடும்.

நுழைந்த அன்றே எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. கோயில் தீட்டாகிவிட்டது, சுத்தி செய்யாமல் பூஜை கிடையாது என்று பட்டர்கள் கதவைச் சாத்தினார்கள். நிர்வாகம் விடாமல் வேறு ஏற்பாடு செய்து பூஜையை நடத்தியது. எதிர்ப்பாளர்களுக்கு நடேச ஐயர் தலைமை தாங்கினார். வழக்குகள் நடந்தன. பட்டர்களில் பலர் 1945 வரை கோயில் வேலைக்குத் திரும்பவே இல்லை. ஆறு வருடம்! சாதாரணமாக விழாக்களில் சொல்லப்படும் கதையில் வைத்தியநாத ஐயர் நுழைந்தார், கதவு திறந்தது என்று முடித்துவிடுவார்கள். இந்த ஆறு வருட இழுபறியை யாரும் சொல்வதில்லை.

தர்மகர்த்தா மனம் வைத்தால்தான் என்ற நிலை 1947இல் மாறியது. அந்த ஆண்டின் சென்னைச் சட்டம் எந்தச் சாதியைச் சேர்ந்த இந்துவும் இந்துக் கோயிலுக்குள் போய் மற்றவர்கள் எப்படி வழிபடுகிறார்களோ அப்படியே வழிபடலாம் என்று உரிமையாகவே கொடுத்தது. பிறகு அரசியல் சட்டம் தீண்டாமையை 17ஆம் பிரிவில் ஒழித்தது. பொதுத்தன்மையுள்ள இந்துக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடச் சட்டம் போடலாம் என்று 25ஆம் பிரிவு சொன்னது.

கமுதி வழக்கு மறுபடியும் பெரிய மேடையில் வந்தது 1957இல். தென் கன்னடத்தில் மூல்கி என்ற ஊரில் கௌட சாரஸ்வதப் பிராமணர்களின் வேங்கடரமணர் கோயில். எங்கள் சமூகத்துக்கென்றே கட்டிய கோயில், 1947 சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.எல். வேங்கடராம ஐயர். தீட்சிதர் கிருதிகளைப் பாடம் பண்ணி வைத்திருந்த சங்கீத வித்வானும் அவர்தான். தர்மகர்த்தா வேறு சாதியாரை விட்டால் கடமை தவறுதல் என்று பிரிவி கவுன்சில் சொன்னதை எடுத்துக்காட்டி, அதுதான் பழைய சட்ட நிலை என்று விளக்கினார். பிறகு அரசியல் சட்டத்தை வைத்துப் பதில் சொன்னார். அது அந்தச் சமூகத்தின் தனிக் கோயில்தான், ஆனாலும் எல்லா இந்துக்களுக்கும் திறக்கும் சட்டமே மேலே நிற்கும். சில விசேஷச் சடங்குகளை மட்டும் அந்தச் சமூகத்தார் தங்களுக்குள் வைத்துக்கொள்ளலாம், அதனால் மற்றவர்களின் வழிபாட்டு உரிமை பெயரளவுக்கு ஆகிவிடக் கூடாது.

இந்த "எங்கள் தனிக் கோயில்" என்ற வாதம் இன்னும் சாகவில்லை. இன்றைக்குத் தமிழ்நாட்டில் தகராறு பெரும்பாலும் பெரிய ஆகமக் கோயில்களில் வருவதில்லை, கிராமத்து அம்மன் கோயில்களில்தான் வருகிறது. 2023இல் விழுப்புரம் பக்கத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குத் தலித்துகள் போனபோது தகராறாகி, ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலையே பூட்டி சீல் வைத்தார்கள். நுழைய விடமாட்டோம் என்று சொன்னால் சட்டப்படி குற்றம். ஆகவே "இது எங்கள் குடிபாட்டுக் கோயில், பொதுக்கோயில் இல்லை" என்பார்கள். தனியா பொதுவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யாரிடம் நன்கொடை வாங்கினார்கள், திருவிழாவுக்கு ஊர் முழுக்க வரி போட்டார்களா, உண்டியல் வைத்தார்களா, அறநிலையத் துறைக் கணக்கில் இருக்கிறதா, இவைதான் கேள்விகள். ஊர்க் காசு வாங்கிக் கட்டிவிட்டு உள்ளே விடும் நேரத்தில் மட்டும் தனிச் சொத்து என்றால் நிற்காது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, கோயில் நுழைவே எல்லாம் என்று நினைக்காதவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அம்பேத்கர் நாசிக் காளாராம் கோயிலில் 1930இல் சத்தியாகிரகம் தொடங்கி, சில வருடங்களில் அந்தப் பாதையையே கைவிட்டார். 1954 டிசம்பரில் அவர் நம் ரங்கூனுக்கு உலக பௌத்த மாநாட்டுக்கு வந்தார். பெரியாரும் அப்போது வந்திருந்தார். கதவைத் தட்டுவதை நிறுத்திவிட்டு வேறு வீட்டுக்குப் போக முடிவெடுத்தவர் அம்பேத்கர்.

கடைசியாகப் பர்மா. 1937 ஏப்ரல் 1ஆம் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. ஆகவே 1939 சட்டமும் 1947 சட்டமும் இங்கே கிடையாது. ஆனால் 1908 தீர்ப்பு வந்தபோது பர்மா இந்தியாவோடு இருந்ததால், பிரிவி கவுன்சில் சொன்ன விதி ரங்கூன் கோர்ட்டையும் கட்டியது. கேட்க விபரீதமாக இருக்கும்: தடுக்கும் சட்டம் கப்பலேறி வந்தது, திறக்கும் சட்டம் வரவில்லை.

அப்படியானால் இங்கே ஏன் நம் கோயில்களில் அந்த அளவுக்குத் தகராறு கேள்விப்படுவதில்லை? விதியின் உள்ளேயே பதில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு முழுக்கப் பழைய வழக்கத்தின் மேல் நிற்கிறது. கமுதிக் கோயிலுக்கு நினைவுக்கு எட்டாத காலத்து வழக்கம் இருந்தது. ரங்கூன் காளியம்மன் கோயில் 1871இல் குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், ஆலையில் வேலை பார்த்தவர், கடைக்காரர் என்று பலரும் காசு போட்டுக் கட்டிய கோயில்களில் யாரைத் தடுப்பது? காசு போட்டவனைத் தடுக்க வழக்கம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. இங்கே சாதி வேறு வாசல் வழியாக வந்தது. உபயம் யார் பெயரில், பரிவட்டம் முதலில் யாருக்கு, கமிட்டியில் யார் உட்காருவது, இவைதான் சண்டை. நகரத்தார் தங்கள் வட்டிக்கடைகளோடு சேர்த்து எழுப்பிய தண்டாயுதபாணி கோயில்கள் தனி வகை. நிர்வாகம் அவர்கள் கையில், வழிபடப் பிறரும் வருவார்கள்.

உங்கள் ஊர்க் கோயிலைப் பற்றி இப்படி ஒரு கேள்வி எழுந்தால், முதலில் கோயில் டிரஸ்ட் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கோயில் யாருக்காக என்று எழுதியிருக்கும் வரியைத் தேடுங்கள். 'இந்துக்கள்', 'தமிழ் இந்துக்கள்' என்று இருந்தால் ஒரு மாதிரி, ஒரு சமூகத்தின் பெயர் இருந்தால் வேறு மாதிரி. பத்திரம் போரிலோ அதன் பிறகோ தொலைந்திருந்தால், சுவரில் பதித்த உபயக்காரர் கல்லையும் பழைய நன்கொடை நோட்டுகளையும் பாருங்கள். அதில் எத்தனை ஊர், எத்தனை சமூகத்தார் பெயர் இருக்கிறதோ அதுவே உங்கள் கோயிலின் வழக்கம். கமிட்டியில் யார் என்ன சொன்னாலும் அந்தக் கல்லைக் காட்டிப் பேசலாம்.